முப்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேர்

முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். முப்பத்துநான்கு பேர் வேலைக்குத் தேர்வானார்கள். இது எப்படி என்பதுதான் காலை பத்து மணியிலிருந்து ரிஜிஸ்டர் அக்காவின் தலையைக் குடைந்துகொண்டிருந்தது.

சேர்க்கைப் பதிவேட்டை மூன்று முறை எண்ணிவிட்டாள். பென்சில் முனையை ஒவ்வொரு பெயர்மேலும் வைத்து, வாய்விட்டு எண்ணினாள். முப்பத்தொன்று. சுவரில் தொங்கிய பழைய பலகையை நிமிர்ந்து பார்த்தாள். நிலையத்தின் ஐந்தாம் ஆண்டு, தேர்வானவர்கள் முப்பத்துநான்கு. மஞ்சள் பெயிண்ட் மங்கியிருந்ததே தவிர, எண் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. படித்தவர்களைவிடப் பாஸ் ஆனவர்கள் அதிகம் என்றால், மூன்று பேர் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டார்களா?

இந்தப் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நடத்துபவர் அவளுடைய அண்ணன். ஊருக்கெல்லாம் வாத்தியார். ஆறாம் ஆண்டில் அவள் அலுவலகப் பொறுப்புக்கு வந்தாள். அன்றிலிருந்து மாணவர்கள் எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்கா. அதற்கு முந்தைய ஐந்து வருடப் பதிவேடுகள் அண்ணியின் கையெழுத்து. அழகான, சாய்ந்த, சிக்கனமான கையெழுத்து. ஒரு எழுத்தில் முடிகிற விஷயத்துக்கு அண்ணி இரண்டாவது எழுத்தைச் செலவழிக்க மாட்டாள்.

இப்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கென்றால், நிலையத்துக்கு ஒரு வலைத்தளம் போடுகிறார்கள். அதில் 'எங்கள் சாதனைகள்' என்று ஒரு பக்கம். தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் போன வருடம் ஒரு புதிய பயிற்சி மையம் வந்திருந்தது. அதன் மாடியிலிருந்து தொங்கிய துணிப் பதாகையில் ஆயிரத்து இருநூறு முகங்கள். போன முறை இங்கே சேர்ந்தவர்கள் பத்தொன்பது பேர்தான். "இந்த தடவையும் இருபதைத் தாண்டலைன்னா பூட்டிடலாம்மா. எனக்கும் தொண்டை போயிடுச்சு" என்று வாத்தியார் சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அவர் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். பதின்மூன்று வருடமாக அவள் திறந்து மூடிய அலுவலகம் இது. அந்த வலைப்பக்கம் பலிக்க வேண்டும் என்பதில் அவரைவிட அவளுக்குத்தான் தவிப்பு அதிகம்.

பக்கத்தை உருவாக்க வந்தவள் ஒரு டிசைனர். முன்பு இங்கேயே படித்தவள். மடிக்கணினியை எதிர் மேசையில் விரித்துவைத்து, ஒரு கட்டம் போட்ட அட்டவணையைக் காட்டினாள். ஆண்டு, என்ன பயிற்சி, எத்தனை நாள், சேர்ந்தவர்கள், தேர்வானவர்கள், எந்தத் தேர்வு, எந்தப் பட்டியலோடு சரிபார்த்தது.

"சேர்ந்தவங்க எண்ணிக்கை எதுக்கும்மா? எதிர்ல அவங்க அதைப் போடலையே" என்றாள் அக்கா.

"அதான்க்கா விஷயமே. ஆயிரத்து இருநூறு பேர் பாஸ்னு போட்டா பெருசா தெரியும். பன்னிரண்டாயிரம் பேர்லன்னு பக்கத்துல எழுதினா?"

"பத்துல ஒண்ணு."

"இப்ப சின்னதா தெரியுதுல்ல? மேல இருக்கற எண் மட்டும் போதாதுக்கா. கீழ இருக்கறதும் வேணும்."

ஆறாம் ஆண்டிலிருந்து எல்லா வருடமும் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்தன. முதல் நான்கு வருடங்களும் தகராறு செய்யவில்லை. இந்த ஐந்தாம் ஆண்டுதான் முரண்டு பிடித்தது.

முடிவுகளின் கோப்பை அக்கா எடுத்தாள். அந்தக் காலத்தில் முடிவுகள் செய்தித்தாளில் வரும். பக்கம் பக்கமாகப் பதிவெண்கள் மட்டும், எறும்பு வரிசை மாதிரி. அண்ணன் தரையில் தாளை விரித்து, மர அளவுகோலை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்குவார். ஒருத்தர் எண்ணை வாசிப்பார். இன்னொருத்தர் பட்டியலில் தேடுவார். எண் கிடைத்ததும் அறையில் ஒரு கூச்சல் எழும். அதற்குப் பிறகு கைகளில் அச்சு மை, சட்டையில் அச்சு மை, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தவர்களின் கன்னத்தில் அச்சு மை. அக்கா வந்து சேர்ந்த பிறகும் சில வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு முடிவுகள் கைப்பேசிக்கு வந்துவிட்டன. அவரவர் வீட்டிலேயே அழுதுகொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். அளவுகோல் மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

கோப்பில் ஒட்டியிருந்த கத்தரிப்புகளில் சிவப்பு மையால் சுழித்த எண்களை, கூடவே அண்ணி எழுதியிருந்த முடிவுப் பட்டியலின் பெயர்களோடு பொருத்தினாள். பாதி வேலை முடிவதற்குள் விடை பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"இதைப் பாரு! இந்த ஆளு ரெண்டு தேர்வுல பாஸ் ஆகியிருக்கான். ரெண்டு தடவை எண்ணியிருக்காங்க. இந்தப் பொண்ணும் அப்படித்தான். இன்னொருத்தரும்."

"அப்ப தேர்வு முப்பத்துநாலு. ஆள் முப்பத்தொண்ணு" என்றாள் டிசைனர்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் பலகைகளில் பெருக்கிக் காட்டும் வித்தைகளில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரே ஆள் மூன்று தேர்வு எழுதி மூன்றிலும் தேறினால் மூன்று வெற்றி. உண்மைதான். ஆனால் படிக்க வருகிறவர் எண்ணிப் பார்ப்பது வெற்றிகளை அல்ல, தன்னைப் போன்ற ஆட்களை. எனவே ஆளைத்தான் எண்ண வேண்டும்.

வகுப்பு முடிந்து வாத்தியார் வந்தார், விரல் நுனியெல்லாம் வெள்ளையாக. அக்கா கணக்கைச் சொன்னதும் நாற்காலியில் உட்காரப் போனவர் பாதியில் நின்றுவிட்டார்.

"முப்பத்தொரு பேர் சேர்ந்து முப்பத்தொரு பேரும் பாஸா? ஏம்மா, நூறு சதவீதம்! இத்தனை வருஷமா இது நமக்கே தெரியாம சுவத்துல தொங்கிக்கிட்டிருந்திருக்கே!"

"ஆமாண்ணே!"

"பெருசா போடு. பக்கத்துல மேலயே போடு. ஐந்தாம் ஆண்டு, நூற்றுக்கு நூறு. எதிர்ல இருக்கறவன் பதாகையைச் சுருட்டிக்கிட்டு ஓடட்டும்!"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இப்படிச் சேர்ந்து சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. டிசைனர் மட்டும் மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது எந்த வருஷம்?"

"ஐந்தாம் ஆண்டும்மா. பதினாலு வருஷம் முன்னாடி."

"அந்த வருஷம் நான் இங்கதான் சார் படிச்சேன். பதிவேட்டுல பன்னிரண்டாவது பேரு என்னுது." அவள் திரையிலிருந்து நிமிர்ந்தாள். "நான் பாஸ் ஆகல சார்."

மின்விசிறி டக் டக்கென்று அடித்தது. வாத்தியார் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பன்னிரண்டாவது வரியைப் பார்த்தார்.

"ஆமா" என்றார் மெதுவாக. "கதவோரமா உட்காருவ. பின்னத்தில மட்டும் தடுமாறுவ."

"இன்னும் தடுமாறுவேன் சார். ஆனா முப்பத்தொண்ணுல ஒண்ணு போனா முப்பதுன்னு தெரியும்."

அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி கணக்குப் போட்டாள். பன்னிரண்டாவது பெயர் தேறவில்லை. அப்படியானால் தேறிய முப்பத்தொரு பேரில் ஒருவராவது இந்த முப்பத்தொரு பேரில் இல்லாதவர். ஒருவர்தானா, அல்லது இன்னும் பலரா?

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் அண்ணி செல்லப் பெயரும் முன்னெழுத்துமாகச் சுருக்கியிருந்தாள். முடிவுப் பட்டியலில் சான்றிதழ்ப் பெயர். யார் யாரென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் அக்காவுக்குத் தெம்பு தந்தது. தேறியவர்களில் பதினேழு பேருக்கு நேரே 'நே' என்று குறித்திருந்தது. அக்காவின் பதிவேடுகளிலும் அந்தக் குறி உண்டு. நேரடி வகுப்பு. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கு 'அ', வகுப்புக்கே வருபவர்களுக்கு 'நே'.

"இந்தப் பதினேழு பேர் கண்டிப்பா நம்ம வகுப்புல உட்கார்ந்தவங்க. குறியே போடாத பதினாலு பேர்தான் சந்தேகம்" என்றாள்.

"எப்படியும் எல்லாருக்கும் போன் பண்ணத்தானேக்கா போறீங்க" என்றாள் டிசைனர். "சம்மதம் கேக்கணுமே. அப்பவே அதையும் கேட்டுடுங்க."

சம்மதத்துக்கு அவள் ஒரு சின்னப் படிவம் செய்து வைத்திருந்தாள், கைப்பேசியிலேயே நிரப்புகிற மாதிரி. மூன்று தனிக் கேள்விகள். பெயர் போடலாமா? படம் போடலாமா? தரவரிசை எண் போடலாமா? எதிலும் முன்கூட்டியே டிக் கிடையாது. எங்கே வரும் என்று மேலே எழுதியிருந்தது: இந்த வலைப்பக்கத்தில் மட்டும். வேண்டாமென்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் ஒரு செய்தி அனுப்பினால் போதும், எடுத்துவிடுவோம். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே கொள்வோம்.

"சேர்க்கை விண்ணப்பத்துலயே கடைசி வரியில கையெழுத்து வாங்கறோமே. 'என் படத்தை விளம்பரத்தில் பயன்படுத்தலாம்'னு. அது போதாதா?" என்று கேட்டார் வாத்தியார்.

"பாஸ் ஆவோமான்னே தெரியாத அன்னிக்கு எதுக்கு சார் சம்மதம் சொல்றது? நானும் அதுல கையெழுத்து போட்டேன். சீட்டு கிடைச்சா போதும்னு எதை நீட்டினாலும் போட்டிருப்பேன். முடிவு வந்தப்புறம், தனியா கேக்கணும். பதினெட்டு வயசு ஆகலைன்னா பெத்தவங்களையும் கேக்கணும்."

அக்கா அன்று பிற்பகலிலேயே தொலைபேசியை எடுத்துவிட்டாள். அந்த வேலை இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு முந்தைய காலத்து மாணவர்கள் இவர்கள். அவளுக்குக் குரல்கள் புதிது. ஆனால் எல்லோரும் ஒரே அறையை நினைவில் வைத்திருந்தார்கள். ஆடுகிற பெஞ்சின் காலடியில் செருகிய மடித்த காகிதம். மதியத்தில் கரும்பலகையில் விழுந்து எழுத்தை மறைக்கும் வெயில். "சார் இன்னும் சாக்பீஸை உடைச்சுத்தான் எழுதுறாரா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் படம் வேண்டாம் என்றார், ஆனால் இருபது நிமிடம் பேசினார்.

ஒன்பதாவது அழைப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

"பேரு போட்டுக்குங்க, ஆட்சேபம் இல்ல. ஆனா ஒரு விஷயம், நான் உங்க வகுப்புல படிக்கல" என்றார் அந்த மனிதர். "எழுத்துத் தேர்வு நானா படிச்சு பாஸ் ஆயிட்டேன். நேர்முகத்துக்கு மட்டும் வந்தேன். பதினோரு நாள். ஒரு மேடம் நடத்துவாங்க."

"எந்த மேடம்?"

"சாரோட வீட்டம்மாதான். ரொம்ப கண்டிப்பு. கதவைத் திறந்துட்டு வர்றதையே ஆறு தடவை செய்ய வச்சாங்க."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டு, பதிவேட்டோடு மாடிப்படி ஏறினாள். நிலையத்துக்கு மேலேதான் வீடு. அண்ணி காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்துப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். துவைத்த துணிகளை மடித்து, ஓரங்களை மில்லிமீட்டர் பிசகாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்த 'நே'ன்னா என்ன?"

"நேர்முகம். வேற என்ன?"

"நேரடி இல்லையா?"

"அந்தக் காலத்துல எல்லாரும் நேராத்தான் நாத்தனாரே வந்தாங்க! பறந்தா வந்தாங்க? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு யாராவது குறி போடுவாங்களா? வேற மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் போடுவாங்க."

அக்கா அங்கேயே துணிக்குவியல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே எழுத்து. எழுதியவளுக்கு நேர்முகம், வாசித்தவளுக்கு நேரடி. உறுதியானவர்கள் என்று அவள் நினைத்த பதினேழு பேரும் வகுப்பில் உட்காராதவர்கள். சந்தேகம் என்று ஒதுக்கிய பதினாலு பேர்தான் உண்மையில் படித்தவர்கள். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று வந்தது வெறும் தற்செயல்.

"அப்ப முப்பத்தொரு பேர்ல பதினாலு பேர் அண்ணி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நல்ல எண்ணிக்கைதானே அது."

"நூறுன்னு சொல்லிட்டு அண்ணன்கிட்ட எப்படி இதைச் சொல்றது? இந்தப் பக்கம் எடுபடலைன்னா பூட்டிடுவாரு."

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்துத் தந்தாள். "நேர்முகத்துக்கு வந்தவங்க இதுல இருக்காங்க. பாஸ் ஆனவங்க, ஆகாதவங்க எல்லாரும். இதையும் பாத்துட்டுக் கீழ போ." அந்த ஒரு பருவம்தான் அண்ணி நேர்முகப் பயிற்சி நடத்தினாள். அடுத்த வருடம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். வாத்தியார் நினைவில் அது கரைந்துவிட்டது. அவர் கணக்கில், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் எல்லோரும் நம்ம பிள்ளைங்க.

நோட்டில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. அதில் தேறியவர்கள் பதினேழு பேர்.

பதினேழில் முதல் பெயரிலேயே அக்காவின் விரல் நின்றுவிட்டது. அந்த வருடம் முதலிடம் பிடித்தவள். நிலையத்தின் நுழைவில் பதினாலு வருடமாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரிக்கிறவள். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரையும் அந்தப் படத்தின் முன் நிறுத்தி, "இந்த ஜன்னலோர பெஞ்ச்லதான் உட்காருவா" என்று காட்டுவது வாத்தியாரின் வழக்கம்.

மறுநாள் காலை, வாத்தியாரும் டிசைனரும் அலுவலகத்தில் இருக்கும்போதே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வாத்தியார் முதலில் கேட்டுக்கொண்டார். பிறகு கோபப்பட்டார்.

"எதிர்ல ஆயிரத்து இருநூறு முகம் தொங்குது. நான் பதினாலுன்னு எழுதி ஒட்டிட்டு உட்காரணுமா? அவ இங்க உட்கார்ந்தா. என் கண்ணால பாத்தேன். ஜன்னலோரத்துல உட்கார்ந்தா!"

"நான் இல்லங்கலண்ணே. அவங்ககிட்டயே கேப்போம். எப்படியும் சம்மதம் கேக்கணும்."

முதலிடம் பிடித்தவள் இப்போது பெரிய அதிகாரி. மூன்றாவது முயற்சியில்தான் தொலைபேசியில் கிடைத்தாள். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

"நாலு சென்டர்ல என் படம் இருக்குங்க. ஒரு இடத்துல ரெண்டு வருஷம் விடுதியில தங்கிப் படிச்சேனாம். பாத்துப் பாத்து, எங்க படிச்சேன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. உங்ககிட்ட இருக்கறது எந்த படம்?"

"பச்சைக் கரை போட்ட சேலை, பக்கவாட்டுல பாக்கற மாதிரி" என்றார் வாத்தியார், அவரையறியாமல்.

"சாரா? சார், எப்படி இருக்கீங்க! ஜன்னல் பக்கத்து பெஞ்ச் இன்னும் இருக்கா? மேடம் கூப்பிடற வரைக்கும் அதுலதான் உட்கார்ந்திருப்பேன். நீங்க பக்கத்து அறையில விகிதம் நடத்துவீங்க. ஒரு நாள் நான் வாசல்ல வந்து நின்னு ஒரு கணக்கு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா" என்றார் வாத்தியார். அவர் நினைவு பொய்யில்லை. அவள் உட்கார்ந்ததும் உண்மை, ஜன்னலும் உண்மை. நாள் கணக்கு மட்டும்தான் வருடங்கள் போகப் போகத் தானாக நீண்டுவிட்டது.

"பேரு போடுங்க. ஆனா நேர்முகப் பயிற்சி, பதினோரு நாள்னு எழுதுங்க. படம் வேண்டாம். எல்லா இடத்துலயும் எடுக்கச் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு மட்டும் விட்டா நல்லா இருக்காது. அப்புறம் சார், நாலு பேர்ல நீங்கதான் முதல்ல கேட்டீங்க."

பேசி முடித்ததும் வாத்தியார் வெளியே போனார். நுழைவில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, மேசையில் வைத்தார்.

"இதைப் பொட்டலம் கட்டி அவளுக்கே அனுப்பிடு" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "பதினாலும் பதினேழும் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணும் இருபத்திரண்டும் அம்பத்துமூணு. அம்பத்துமூணுல முப்பத்தொண்ணுன்னு போட்டா நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் டிசைனர். "ஆனா எழுத்துத் தேர்வுக்குப் படிக்க வர்ற பிள்ளை அதைப் பாத்துட்டு, தனக்கும் பாதிக்கு மேல வாய்ப்புன்னு நினைச்சுக்கும். நேர்முகத்துக்கு வந்தவங்க ஏற்கெனவே பாதி ஆத்தைத் தாண்டினவங்க. ரெண்டும் வேற வேற. தனித்தனியா எழுதினா ரெண்டுமே உண்மை. கூட்டினா ரெண்டுமே பொய்."

வாத்தியார் நீள நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். விரலால் பெயர்களைக் கீழே கீழே தடவிக்கொண்டு போனார், முன்பு அளவுகோலை இறக்கிய மாதிரியே. இருபத்திரண்டு. பதினேழு. ஒரு முறை எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"இது நான் நடத்தினதே இல்லையே. இந்த வீட்டுல இவ்வளவு நல்லா பாடம் நடத்தினது நான் இல்ல போலிருக்கே!"

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்று கதவருகிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவள் எப்போது இறங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. "எனக்குச் சும்மா உட்கார்ந்து துணி மடிக்க முடியல. திங்கட்கிழமையிலிருந்து நேர்முக வகுப்பு. பதினோரு நாள். ஒரு தடவைக்கு இருபத்திரண்டு பேருக்கு மேல எடுக்க மாட்டேன். யாரும் கதவை டமால்னு திறக்கக் கூடாது."

"எழுத்துத் தேர்வு வகுப்பு?" என்று கேட்டாள் அக்கா. அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

வாத்தியார் நீள நோட்டை மூடி வைத்தார். பிறகு, "பதினாலுங்கறது கேவலமான எண் ஒண்ணும் இல்ல. அதையும் போடு" என்றார். "எத்தனை பேர் வந்தாலும் நடத்துவோம். பூட்டற பேச்சை விடு."

ஐந்தாம் ஆண்டுக்காரர்களின் படிவங்கள் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. பத்தொன்பது பேர் பெயருக்குச் சம்மதித்தார்கள். எட்டுப் பேர் படத்துக்கும். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்து பேரிடமிருந்து பதிலே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் எண்ணிக்கைக்குள் இருப்பார்கள், அடையாளம் எதுவும் இல்லாமல். தேறியவர்கள் அனைவருடைய பதிவெண்ணையும் அக்கா வெளியான பட்டியலோடு மறுபடி சரிபார்த்தாள், அளவுகோலை வைத்து. தன் பதிவேடுகளின் முதல் பக்கம் ஒவ்வொன்றிலும் 'நே என்றால் நேரடி வகுப்பு' என்றும், அண்ணியினுடையதில் 'நே என்றால் நேர்முகம்' என்றும் முழுசாக எழுதி வைத்தாள். பிறகு டிசைனர் பக்கத்தைத் திறந்து விட்டாள். ஐந்தாம் ஆண்டுக்கான கட்டத்தில் இப்படி இருந்தது:

'எழுத்துத் தேர்வு வகுப்பு, பத்து மாதம்: சேர்ந்தவர்கள் 31 பேர், பணிக்குத் தேர்வானவர்கள் 14 பேர். நேர்முகப் பயிற்சி மட்டும், 11 நாள்: வந்தவர்கள் 22 பேர், பணிக்குத் தேர்வானவர்கள் 17 பேர். நேர்முகப் பயிற்சிக்கு வந்தவர்கள் எழுத்துத் தேர்வை எங்களிடம் படிக்காமலே தேறியவர்கள். ஒருவர் இரண்டு பணிகளுக்குத் தேர்வாகியிருந்தாலும் ஒருவராகவே எண்ணியிருக்கிறோம். எண்கள் வெளியான முடிவுப் பட்டியலோடு சரிபார்க்கப்பட்டவை. கீழே இருப்பவை, கேட்டபோது சம்மதம் தந்தவர்களின் பெயர்களும் படங்களும் மட்டுமே. அவர்கள் கேட்டால் எடுத்துவிடுவோம்.'